விழாமல் நின்ற ட்ரிப் சுவிட்ச்: முகாமையாளரிடம் திகதி கேட்பது பற்றி

மழை பெய்தால் ட்ரிப் சுவிட்ச் விழும். யாழ்ப்பாணத்துப் பழைய கட்டடங்களில் வேலை செய்கிற எல்லாருக்கும் இது தெரியும். கணினிகள் அணையும், ஆரோ ஒராள் எழும்பிப் போய் அதைத் தூக்கிவிடுவார், பத்து நிமிடத்தில் மறுபடி விழும். திட்டிக்கொண்டு இன்னொரு முறை தூக்குவார்கள். இது தொந்தரவு, ஆனால் ஆபத்து இதில் இல்லை. அதே அலுவலகத்தில் ஒரு நாள் நல்ல மழை பெய்தும் ட்ரிப் சுவிட்ச் விழாமல் நின்றால், சுவரும் காயாமல் அப்படியே இருந்தால், அன்றைக்குத்தான் பயப்பட வேண்டும். பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்: தொல்லை தாங்காமல் வயறிங்காரர் ஒருவர் அந்தச் சுவிட்சைத் தாண்டி நேரடியாக ஒரு வயரைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்.

வேலைத்தலத்து ஆபத்து ஒன்றை வசதிகளுக்குப் பொறுப்பான முகாமையாளரிடம் எப்படிக் கொண்டுபோவது, திருத்தத்துக்கு எப்படித் திகதி வாங்குவது என்பதை இந்த ஒரு பிரச்சினையை வைத்தே எழுதுகிறேன். காரணம், எங்கள் ஊரில் அடிக்கடி நடப்பதும், "பாப்பம்" என்ற ஒரு சொல்லோடு அடிக்கடி முடிந்துபோவதும் இதுதான்.

ஒரு மாதிரி அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். நகரத்துக்குள் இரண்டு மாடி, வாடகைக் கட்டடம், மேலே கொங்கிறீட் கூரை. மேல்மாடியில் பதினான்கு கணினிகள், மூலையில் தேநீர் அறை. அங்கே ஒரு பிரிட்ஜ், ஒரு கேத்தில். பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற பிளக்கைச் சுற்றிச் சுவர் கறுத்து, பெயின்ற் கொப்புளித்து நிற்கிறது. ஒக்டோபர் நடுப்பகுதி. அடைமழை இனித்தான் வரப்போகிறது.

தண்ணீர் எப்படிப் பிளக்குக்குள் வருகிறது என்பது முதலில் விளங்க வேண்டும், ஏனென்றால் பிழையான திருத்தங்கள் பலவும் இந்த இடத்தில் தொடங்குகின்றன. சுவர் வெளியில் நனைந்து உள்ளே ஊறுகிறது என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். சில இடங்களில் அது சரி. கொங்கிறீட் கூரைக் கட்டடங்களில் வேறொரு வழியும் உண்டு. கூரை போடும்போதே வயர் போவதற்கான பிளாஸ்ரிக் குழாய்களை உள்ளே வைத்துவிடுவார்கள். கூரையில் தண்ணீர் தேங்கி, வெடிப்பொன்றின் ஊடாக இறங்கி, அந்தக் குழாயின் பொருத்தில் புகுந்துவிட்டால், பிறகு அந்தக் குழாயே பீலி மாதிரி வேலை செய்யும். தண்ணீர் வயரோடு சேர்ந்து இறங்கிச் சுவருக்குள் புதைத்த பிளக் பெட்டியில் வந்து நிற்கும். அப்படியென்றால் பிளக்கை மட்டும் புதிதாக மாற்றுவதால் ஒரு பயனும் இல்லை. அடுத்த மழைக்குப் புதுப் பிளக்கும் நனையும்.

இனி ட்ரிப் சுவிட்ச். இதற்கு முழுப் பெயர் எஞ்சிய மின்னோட்டத் துண்டிப்பான். கடையில் ஆர்சிசிபி என்று கேட்டால் தருவார்கள். போகிற மின்னும் திரும்பி வருகிற மின்னும் ஒரே அளவா என்று மட்டும்தான் இது பார்க்கும். வித்தியாசம் 30 மில்லி அம்பியரை அடைந்தால், எங்கோ ஓரிடத்தால் மின் நிலத்துக்கு ஒழுகுகிறது என்று எடுத்துக்கொண்டு விழும். 30 என்பது மேல் எல்லை. தரக்கட்டளைப்படி 15க்கு மேல் எந்த இடத்திலும் அது விழலாம். கணினி ஒவ்வொன்றும் நல்ல நிலையில் இருந்தாலும் ஏறத்தாழ ஒரு மில்லி அம்பியர் கசியும், அது அதன் மின்வழங்கியின் அமைப்பு. பதினான்கு கணினிக்கு 14. ஆகவே வெயில் காலத்திலேயே இந்தச் சுவிட்ச் விளிம்பில்தான் நிற்கிறது. மழை வந்து, நனைந்த பிளக் பெட்டியின் தடை பத்தாயிரம் ஓமுக்கு இறங்கினால், அந்த ஒரு பெட்டியால் மட்டும் 23 மில்லி அம்பியர் ஒழுகும். சுவிட்ச் விழாமல் என்ன செய்யும்?

முகாமையாளரின் பக்கத்து நியாயமும் இதற்குள்ளேதான் இருக்கிறது. தேநீர் அறைச் சுவர் நனைந்தால் பதினான்கு பேரின் வேலை நிற்கிறது. கொழும்பிலிருந்து தலைமை அலுவலகம் அழைத்து ஏன் தொடர்பு போனது என்று கேட்கிறது. வயறிங்காரர் "இதை டைரக்டாக் குடுத்தா விழாது சேர்" என்கிறார். முகாமையாளர் கெட்டவராக இருக்கத் தேவையில்லை. அவருக்கு முன்னால் வைக்கப்பட்ட ஒரே தீர்வு அதுதான். முறைப்பாடு செய்யப் போகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போனால், அவரைக் குற்றம் சாட்டாமல் அவருக்கு வேறொரு தீர்வைக் கொடுக்கலாம். அந்தத் தீர்வைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ட்ரிப் சுவிட்சைத் தாண்டிக் கொடுத்தால் என்ன, தனித்தனிப் பிரேக்கர்கள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்பார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் எங்கள் நிலத்தில் இருக்கிறது. இலங்கையில் வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் மின்சாரம் வழங்குபவர்கள் ஏர்த் வயர் தருவதில்லை; ஒவ்வொரு கட்டடமும் தன் வளவுக்குள் ஒரு கம்பியை நிலத்தில் அடித்துத் தன் ஏர்த்தைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும். குடாநாட்டில் கொஞ்சம் தோண்டினால் சுண்ணாம்புக் கல். மண் மெல்லிய படைதான். கம்பி முழுமையாக இறங்காமல் கல்லில் தட்டி நிற்கும், சித்திரையிலிருந்து ஆவணி வரை சுற்றியுள்ள மண் காய்ந்து கிடக்கும். அந்தக் கம்பியின் தடை 40 ஓம் என்று வைப்போம், இது மோசமான அளவே இல்லை. மின்மாற்றிப் பக்கத்து ஏர்த்துக்கு ஒரு 10 ஓம். பிரிட்ஜின் இரும்பு உடலில் மின் வயர் பட்டுவிட்டது. 230 வோல்ற்றை 50 ஓமால் வகுத்தால் 4.6 அம்பியர்.

20 அம்பியர் பிரேக்கருக்கு 4.6 அம்பியர் ஒரு பொருட்டே அல்ல. அது விழாது. பிரிட்ஜ் வழமைபோலக் குளிராகவும் இருக்கும். ஆனால் அதன் கைபிடியில் 4.6 தர 40, அதாவது 184 வோல்ற்று நிற்கும். ஈர நிலத்தில் வெறுங்காலோடு நிற்பவரின் உடல் தடையைச் சும்மா ஆயிரம் ஓம் என்று எடுத்தால், அவருக்குள் போகக்கூடியது 180 மில்லி அம்பியருக்குக் கிட்ட. 30இல் விழ வேண்டிய காவல் இல்லாத இடத்தில் அது தொடர்ந்து போகும். ஏர்த் இருக்கிறது, பிரேக்கர் இருக்கிறது என்ற இரண்டு ஆறுதலும் இந்த மண்ணில் ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் நிற்காது. (இடையில் ஒன்று: பிரிட்ஜின் அந்த 4.6 அம்பியர் ஒழுக்கு ஒரு நாள் முழுக்க ஓடினால் ஏறத்தாழ 25 அலகு மின்சாரம் நிலத்துக்குள் போகும். உயிரைப் பற்றிச் சொல்லிக் கேட்காதவர்கள் மின்பட்டியலைக் காட்டினால் கேட்டதுண்டு.)

முறையிட முதல் எதைப் பார்த்து உறுதிப்படுத்தலாம்? மெயின் போர்ட்டைத் திறக்க வேண்டாம், திருகாணியைத் தொட வேண்டாம். வெளியிலிருந்தே போதுமான அளவு தெரியும். போர்ட்டின் மூடி சரியாகப் பூட்டாமல், இடுக்கால் புது நிற வயர் ஒன்று தெரிந்தால் அது ஒரு அடையாளம். முன்பு மழைக்கு விழுந்தது, ஒரு குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு விழவில்லை, சுவரோ இன்னும் ஈரம் என்பது அதைவிட நல்ல அடையாளம். அந்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருந்தால் எழுதி வையுங்கள். முடிவான சோதனை சுவிட்சின் முகத்திலேயே இருக்கிறது. 'டி' என்று பொறித்த சின்னப் பொத்தானை அழுத்தினால் நெம்பு கீழே விழ வேண்டும், மேல்மாடியில் மின் துண்டிக்கப்பட வேண்டும். நெம்பு விழுந்தும் மின் துண்டிக்கப்படவில்லையென்றால் தாண்டிக் கொடுத்த வயர் இருக்கிறது என்று அர்த்தம். இந்தச் சோதனையை நீங்களே வேலை நேரத்தில் செய்து பதினான்கு பேரின் கோப்புகளை அழிக்க வேண்டாம். வேலை முடிந்த பிறகு முகாமையாளரின் முன்னிலையில் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அவர் கண்ணால் பார்த்தால் பாதிப் பேச்சு மிச்சம். அதோடு, இந்தப் பொத்தான் சுவிட்சின் பொறிமுறையை மட்டும்தான் சோதிக்கும். ஏர்த் கம்பி துருப்பிடித்து அறுந்து கிடந்தாலும் பொத்தான் சோதனை சரியாகவே வரும்.

ஈரச் சுவரையும் போர்ட்டையும் இரண்டடி தள்ளி நின்று படம் எடுங்கள். சுவரின் படத்தில் ஒரு கதிரையோ கதவோ சேர்ந்து வரட்டும், எந்த அறை என்று பிறகு ஆரும் கேட்கக் கூடாது.

இப்போது பேச்சு. எழுத்துக்கு முதல் நேரில் போக வேண்டும் என்பது என் கருத்து. எங்கள் ஊரில் முன்னறிவிப்பு இல்லாமல் வருகிற மின்னஞ்சலைப் பலர் குற்றப்பத்திரிகையாகத்தான் வாசிப்பார்கள். அதைவிட முக்கியம், ஒரு வேலை இன்றைக்கே நடக்க வேண்டும், அதற்குக் கடிதம் காத்திருக்க முடியாது. நேரில் போகும்போது ஒரு விஷயத்தை மட்டும் கேளுங்கள்.

"சேர், தேத்தண்ணி அறையில பிரிட்ஜுக்குப் பின்னால சுவர் ஊறிக் கிடக்கு. மழைக்கு விழுற ட்ரிப் சுவிட்ச் போன கிழமையில இருந்து விழேல்லை. அந்த அறை லைனை மட்டும் இப்ப நிப்பாட்டி வைப்பமோ? மிச்சத்தை நான் எழுதித் தாறன்."

"அது வயறிங் ஆள் தற்காலிகமாச் செய்தது தம்பி. அவர் வரேக்க பாப்பம்."

"ஓம் சேர், அவர் வரட்டும். அதுவரைக்கும் அந்த ஒரு பிரேக்கரை இறக்கி வைச்சாக் காணும். பிரிட்ஜைக் கீழ்மாடிக்கு மாத்திறதுக்கு நாங்கள் ரெண்டு பேர் நிக்கிறம்."

இதில் பணம் இல்லை, அனுமதி இல்லை, ஆரையும் அழைக்கவும் தேவையில்லை. மறுக்கக் காரணம் கிடைக்காத வேண்டுகோளாக முதல் வேண்டுகோள் இருக்க வேண்டும். பிரேக்கரை இறக்கிய பின் அதன்மேல் ஒரு ரேப் ஒட்டி, "ஈரச் சுவர், போட வேண்டாம், 14.10" என்று எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் பின்னேரம் தேநீர் வைக்க வருகிற ஆள் தூக்கிவிடுவார்.

அன்றைக்கே கடிதம் போக வேண்டும். பேசியதை உறுதிப்படுத்துகிற மாதிரி எழுதினால் அது முறைப்பாடாகத் தெரியாது. மாதிரி ஒன்று:

"மதிப்புக்குரிய ஐயா,

இன்று 2025 ஒக்டோபர் 14, செவ்வாய், காலை பேசியதன் தொடர்ச்சி. மேல்மாடித் தேநீர் அறையில் பிரிட்ஜுக்குப் பின்னாலுள்ள பிளக்கைச் சுற்றிச் சுவர் நனைந்துள்ளது. பிரதான போர்ட்டிலுள்ள ட்ரிப் சுவிட்ச் ஒக்டோபர் 7 இலிருந்து மழையின்போது விழவில்லை. அதைத் தாண்டி வயர் கொடுக்கப்பட்டிருப்பதாகத் தாங்களும் கூறினீர்கள். இந்த நிலையில் மேல்மாடியில் எந்தக் கருவியில் மின்னொழுக்கு ஏற்பட்டாலும் அது துண்டிக்கப்படாது. படங்கள் இணைக்கப்பட்டுள்ளன.

இன்று தேநீர் அறைப் பிரேக்கர் இறக்கப்பட்டு, பிரிட்ஜ் கீழ்மாடிக்கு மாற்றப்பட்டது. நன்றி.

மீதியுள்ளவற்றுக்குப் பின்வரும் திகதிகளை முன்வைக்கிறேன். ஒக்டோபர் 15, புதன்: தாண்டிக் கொடுத்த வயரை அகற்றி ட்ரிப் சுவிட்சை மீண்டும் இணைத்தல். ஒக்டோபர் 25, சனி பின்னேரம்: தேநீர் அறைக்கு உலர்ந்த சுவர் வழியாகப் புதிய வயரும், அதற்கெனத் தனியான 30 மில்லி அம்பியர் ட்ரிப் பிரேக்கரும் போடுதல், சோதனை அளவீடுகளை எழுத்தில் பெறுதல். ஒக்டோபர் 31, வெள்ளி: கூரையின் நீர் வழிகளைத் துப்புரவாக்கி, வெடிப்புள்ள பகுதியைத் தறப்பாளால் மூடுதல். 2026 பெப்ரவரி 27, வெள்ளி: கூரையின் நீர்க்கசிவை நிரந்தரமாக அடைத்தல்.

இவற்றில் எந்தத் திகதி பொருந்தாது என்றால், பொருந்தும் திகதியையும் பொறுப்பானவரையும் வியாழன் 16 ஆம் திகதிக்குள் அறியத்தரும்படி கேட்டுக்கொள்கிறேன்."

அவ்வளவுதான். சட்டம் இல்லை, "உயிராபத்து" என்ற சொல் இல்லை, மற்ற ஊழியர்களின் கையொப்பம் இல்லை. அவை பிறகு தேவைப்பட்டால் வரலாம்.

இந்தத் திகதிகள் ஏன் இப்படி நிற்கின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "விரைவில் திருத்தித் தரவும்" என்று எழுதினால் ஒரு வேலையாகத் தெரிவது உண்மையில் நான்கு வேலை. நான்குக்கும் பணம் கொடுப்பவர் வேறு, செய்பவர் வேறு, காலம் வேறு. எல்லாவற்றையும் ஒரே திகதியில் கட்டினால், மிக மெதுவான வேலையின் வேகத்தில்தான் முழுவதும் போகும். இங்கே மிக மெதுவானது கூரை. கூரை வீட்டுக்காரருடையது, வீட்டுக்காரர் கனடாவில், அவருடைய தம்பிதான் இங்கே வாடகை வாங்குகிறார், தம்பிக்குச் செலவு செய்ய அதிகாரம் இல்லை. இந்தச் சங்கிலியை அறியாத யாழ்ப்பாணத்து அலுவலகம் உண்டோ? கூரையையும் ட்ரிப் சுவிட்சையும் ஒரே வசனத்தில் எழுதினால், "வீட்டுக்காரருக்குச் சொல்லியிருக்கிறம்" என்ற ஒரு பதில் இரண்டையும் மூடிவிடும்.

வயரை அகற்றுவது அரை மணி நேர வேலை. அதற்கு ஒரு நாளுக்கு மேல் கொடுக்கக் கூடாது, ஏனென்றால் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யாத ஒவ்வொரு மணித்தியாலமும் தேநீர் அறையோடு சேர்த்து முழு மேல்மாடியும் காவலில்லாமல் இருக்கிறது. புது வயறிங்குக்குப் பத்து நாள் கொடுத்ததற்குக் காரணம் நாட்காட்டி: 20ஆம் திகதி திங்கள் தீபாவளி, அந்தக் கிழமையின் தொடக்கத்தில் வயறிங்காரர்களைப் பிடிக்க முடியாது. சனி பின்னேரம் என்றால் மின்னை நிறுத்தி வேலை செய்யலாம், எவருடைய வேலையும் கெடாது. திகதியோடு இப்படி ஒரு காரணம் ஒட்டியிருந்தால், முகாமையாளர் அதைத் தள்ளிப்போட வேறொரு காரணம் தேட வேண்டியிருக்கும்.

கூரைக்கு நான்கு மாதம் கொடுத்தது தாராளம் என்று தோன்றும். ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒக்டோபரிலிருந்து டிசெம்பர் வரை அடைமழை பெய்யும்போது, ஊறிய கொங்கிறீட்டின்மேல் நீர்த்தடைப் பூச்சு பூசினால், உள்ளே இருக்கிற ஈரம் வெயில் வந்ததும் ஆவியாகி மேலே தள்ளி, பூச்சைத் தோல் மாதிரி உரித்துவிடும். தை, மாசியில் கூரை காய வேண்டும், பிறகு வெடிப்பை வெட்டித் திறந்து சீமெந்துக் கலவையால் அடைத்து, அதன் மேல்தான் பூச்சு. ஒரு முகாமையாளர் "நவம்பர் 10க்குள்ளே கூரையையும் முடிச்சுத் தாறன்" என்று சொன்னால் நான் சந்தோஷப்பட மாட்டேன். அது நடக்க முடியாத திகதி. நடந்தால் இன்னும் மோசம், பங்குனியில் திரும்பப் பூச வேண்டிவரும், அப்போது "போன முறை செலவழிச்சதுதானே" என்பார்கள். ஆனபடியால்தான் இடைக்கால வேலையாகத் தறப்பாளும் நீர்வழியும். கூரையில் தண்ணீர் போகிற துவாரத்தில் வேப்பிலையும் மாவிலையும் அடைத்துக் கிடப்பதை எடுத்துவிட்டாலே பல இடங்களில் பாதிக் கசிவு நிற்கும்.

புதன்கிழமை வேலையில் ஒரு பொறி இருக்கிறது, அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வயறிங்காரர் வருவார், தாண்டிய வயரை எடுப்பார், ட்ரிப் சுவிட்சைத் தூக்குவார். அது உடனே விழும். தேநீர் அறைப் பிரேக்கர் இறக்கித்தான் இருக்கிறது, இருந்தும் விழுகிறது. "பாருங்கோ சேர், லைனை நிப்பாட்டியும் விழுது, சுவிட்ச்தான் பழுது" என்பார். முகாமையாளர் நம்புவார். உங்கள் கடிதமும் அதோடு பலமிழந்துவிடும்.

சுவிட்ச் பழுதாக இருக்கத் தேவையில்லை. போர்ட்டிலுள்ள சாதாரணப் பிரேக்கர் ஒற்றை முனை உள்ளது, மின் வருகிற வயரை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் வயர் தொடர்ந்து இணைந்தே இருக்கும். ஈரப் பெட்டியில் அந்த நியூட்ரல் நனைந்து ஏர்த்தோடு தொட்டுக்கொண்டிருந்தால், மற்றக் கருவிகளிலிருந்து திரும்பிவருகிற மின்னில் ஒரு பங்கு அந்த வழியால் நிலத்துக்குப் போகும். ட்ரிப் சுவிட்சுக்கு அதுவும் ஒழுக்குத்தான். எனவே தேநீர் அறை வயரின் நியூட்ரலையும் போர்ட்டில் கழற்றித் தனியாக மூடி வைக்க வேண்டும். அதைச் செய்த பிறகும் விழுந்தால்தான் கணினிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும், கடைசியாகத்தான் சுவிட்சைச் சந்தேகிக்க வேண்டும். இந்த ஒரு வரியை, "நியூட்ரலையும் கழற்றச் சொல்லுங்கோ சேர்" என்று, முகாமையாளரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. அவர் சொன்னதாகவே வயறிங்காரருக்குப் போகட்டும்.

இன்னொரு குறுக்கு வழி இதைவிடக் கெட்டது, ஏனென்றால் பார்வைக்குச் சரியாக இருக்கும். பழைய சுவிட்சைக் கழற்றிவிட்டு 100 அல்லது 300 மில்லி அம்பியர் சுவிட்ச் ஒன்றைப் போட்டுவிடுவார்கள். மழைக்கு விழாது. 'டி' பொத்தானை அழுத்தினால் ஒழுங்காக விழும். எல்லாரும் திருப்தி. ஆனால் 300 மில்லி அம்பியர் சுவிட்ச் தீப்பிடிப்பைத் தடுக்கப் போடுவது, மனிதரைக் காப்பாற்ற அல்ல. சுவிட்சின் முகத்தில் அம்பியர் கணக்கில் 0.03 என்று பொறித்திருக்க வேண்டும். 0.1, 0.3 என்றிருந்தால் வேலை முடியவில்லை. படம் எடுத்து அதே மின்னஞ்சல் தொடரில் அனுப்புங்கள்.

முகாமையாளருக்கு வேறொரு தீர்வு இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அதுதான் 25ஆம் திகதி வேலை. ஆர்சிபிஓ என்கிற ஒரு பிரேக்கர், சாதாரணப் பிரேக்கரும் ட்ரிப் சுவிட்சும் ஒன்றாக உள்ளது. தேநீர் அறை வயர் பொதுவான ட்ரிப் சுவிட்சுக்குப் பின்னால் நிற்காமல், அதற்கு முன்னாலிருந்தே பிரிந்து, தனக்கென ஒரு 20 அம்பியர், 30 மில்லி அம்பியர் ஆர்சிபிஓவோடு போக வேண்டும். அதற்குப் பிறகு தேநீர் அறையில் என்ன நனைந்தாலும் தேநீர் அறை மட்டும்தான் அணையும். கணினிகள் ஓடும், கொழும்பிலிருந்து அழைப்பு வராது. முகாமையாளர் சுவிட்சைத் தாண்டி வயர் கொடுக்க விட்டதன் நோக்கமே இதுதான். அதே பலன் காவலோடு கிடைக்கிறது. ஆர்சிபிஓவைப் பொதுச் சுவிட்சுக்குப் பின்னால் போட்டுவிட்டால் மட்டும் இது பலிக்காது, ஒழுக்கு வரும்போது இரண்டில் எது முந்தி விழும் என்று சொல்ல முடியாது. பழைய குழாய்க்குள் புது வயரை இழுக்கவும் கூடாது. அந்தக் குழாயை இனித் தண்ணீருக்கே விட்டுவிட்டு, எதிர்ப்பக்க உலர்ந்த சுவரில் வெளியாகக் கேசிங் அடித்துக் கொண்டுபோக வேண்டும். அழகாக இருக்காதுதான்.

வேலை முடிந்தது என்பதற்கு என்ன சாட்சி? வயறிங்காரரின் "ஓம், சரி" போதாது. இந்த விஷயத்தில் நாங்கள் தேடுகிற ஓம் மீற்றரில் வருகிற ஓம். மூன்று அளவுகள் எழுத்தில் வேண்டும். புது வயரின் காப்புத் தடை, 500 வோல்ற்று மீற்றரால் பார்த்தது: ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது, புதிய உலர்ந்த வயரில் அதைவிட எவ்வளவோ கூடுதலாக வரும். ட்ரிப் நேரம், 30 மில்லி அம்பியர் கொடுத்துப் பார்த்தது: 300 மில்லிசெக்கனுக்குள் விழ வேண்டும். ஏர்த் கம்பியின் தடை: 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கும்போது 200 ஓமுக்குக் கீழே நின்றால் நம்பலாம். கடைசி அளவை ஒக்டோபர் மழைக்குப் பிறகு எடுத்தால் மண் ஈரமாக இருப்பதால் அழகாக வரும், எனவே அடுத்த ஆவணியில் ஒருமுறை திரும்ப எடுக்கச் சொல்லி இப்போதே எழுதி வையுங்கள். இந்த மீற்றர்கள் எல்லா வயறிங்காரரிடமும் இருக்காது. என்விகியூ சான்றிதழ் உள்ள, மீற்றர் வைத்திருக்கிற ஒருவரைத்தான் கூப்பிட வேண்டும் என்பதை விலை கேட்கும்போதே சொன்னால் பிறகு சண்டை இல்லை.

வியாழக்கிழமை பதில் வரவில்லையென்றால் வெள்ளி காலை ஒரு வரி: "ஐயா, 25ஆம் திகதியை உறுதியாக எடுத்துக்கொள்ளலாமா?" பதில் வந்து, "தலைமை அலுவலக அனுமதி வர வேண்டும்" என்றிருந்தால், அதற்கும் ஒரு திகதி கேட்கலாம்: அனுமதிக்கு எப்போது எழுதினீர்கள், எந்த நாளில் பதில் வராவிட்டால் நினைவூட்டுவீர்கள். வேலைக்குத் திகதி தர முடியாதவரும் தன் அடுத்த அடிக்குத் திகதி தரலாம். ஒரு திகதி தவறினால் புதுத் திகதியை ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் பழையதை அழிக்காமல் இரண்டையும் ஒரே வரியில் எழுதுங்கள்: "25 என்றிருந்தது, நவம்பர் 1க்கு மாற்றப்பட்டது, காரணம் பொருள் வரவில்லை." இரண்டாவது முறையும் தவறினால் அந்த வரி நீளும், நீண்ட வரியை முகாமையாளருக்கு மேலுள்ளவருக்குப் பிரதி வைத்து அனுப்பலாம். அப்போது நீங்கள் புதிதாக ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

ஒரு திகதியில் மட்டும் இந்தப் பொறுமை கூடாது. 15ஆம் திகதி வயர் எடுக்கப்படவில்லையென்றால் அன்றே மேலிடத்துக்குப் போக வேண்டும், மேல்மாடி ஆட்களுக்கும் சொல்ல வேண்டும்.

சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலைகளுக்கானது. அச்சகம், ஐஸ் தொழிற்சாலை, வேலைத்தளம் என்றால் தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளரிடம் போகலாம். கடை, அலுவலக ஊழியர்களுக்கு 1954இன் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, ஆனால் அதன் பெரும்பகுதி வேலை நேரமும் லீவும் சம்பளமும் பற்றியது. ட்ரிப் சுவிட்சை அதில் தேடிப் பிரயோசனமில்லை. அலுவலகத்தில் உங்கள் கையிலிருக்கும் வலிமையான தாள், திகதி போட்ட அந்த மின்னஞ்சல் தொடர்தான். ஏதாவது நடந்து நட்டஈட்டுப் பேச்சு வந்தால், முகாமையாளருக்கு எந்த நாளில் தெரியும் என்பதை அதுதான் சொல்லும். அவருக்கும் அது தெரியும்.

25ஆம் திகதி வேலை ஒழுங்காக முடிந்திருந்தால், அதற்குப் பிறகு வருகிற முதல் அடைமழையில் கவனமாக இருங்கள். பிரிட்ஜ் மேலே வந்திருக்கும், கேத்தில் புதுப் பிளக்கில் இருக்கும். பழைய மூலையில் சுவர் இன்னும் ஊறும், கூரைக்கு மாசி வரை பொழுதிருக்கிறது. பொது ட்ரிப் சுவிட்ச் நிமிர்ந்தே நிற்கிறதா, கணினிகள் ஓடுகின்றனவா, தேநீர் அறை ஆர்சிபிஓ விழுந்ததா இல்லையா என்று பாருங்கள். பார்த்ததை அன்றைய திகதியோடு இரண்டு வரியில் முகாமையாளருக்கு அனுப்புங்கள். கீழே பெப்ரவரி 27 என்ற திகதியையும் ஒருமுறை எழுதிவிடுங்கள்.